மாமாவின் கைப்பேசியில் வண்ணத் திருத்தமும் தொடுதல் தாமதமும்: ஒரு செய்முறைப் பதிவு

தஞ்சாவூர்ப் பக்கம் உரக்கடை நடத்தும் என் தாய்மாமாவுக்குச் சிவப்பும் பச்சையும் சிறு வயதிலிருந்தே குழம்பும். அண்மைக் காலமாகக் கை நடுக்கமும் சேர்ந்துகொண்டது. கடையின் கடன் கணக்கு நோட்டிலிருந்து கைப்பேசியின் விரிதாளுக்கு மாறியபோதுதான் இந்த இரண்டும் ஒரே நேரத்தில் தொல்லையாயின. கணக்கை அமைத்துக் கொடுத்தவர், பணம் கட்டியோரின் பெயர்களைக் கரும்பச்சையிலும் பாக்கி வைத்தோரின் பெயர்களைக் கருஞ்சிவப்பிலும் இட்டிருந்தார். மாமாவுக்கு எல்லாப் பெயர்களும் ஒரே காவி நிறத்தில் தெரிந்தன. அதோடு, ஒரு பெயரைத் தொட்டால் அது திறப்பதற்குப் பதிலாக நகலெடு, வெட்டு என்ற பட்டியல் மேலே வந்து நின்றது. வாட்ஸ்அப்பிலும் அதே கதைதான்: வாடிக்கையாளர் அனுப்பிய படத்தைத் தொட்டால் படம் திறக்காமல், செய்தி தேர்வாகி நீல நிறமேறியது. ஆண்ட்ராய்டு 13 இயங்கும் அந்தக் கைப்பேசியில் இந்த இரண்டையும் சரிசெய்யச் செய்தவற்றையும், எது எந்த அளவுக்கு உதவியது என்பதையும் இங்கே பதிகிறேன்.

முதலில் வண்ணம். வண்ணத் திருத்தத்தை இயக்குவது எளிது. எந்த வகையை இயக்குவது என்பதில்தான் கவனம் வேண்டும். சிவப்பு-பச்சைக் குழப்பம் இரண்டு வழிகளில் வருகிறது. கண்ணின் விழித்திரையில் பச்சை ஒளியை உணரும் கூம்புச் செல்களின் உணர்வு பிறழ்ந்திருந்தால் அது டியூட்டரனாமலி. சிவப்பை உணரும் செல்களில் அந்தப் பிறழ்வு இருந்தால் அது புரோட்டனாமலி. இரு வகையினரும் ஏறக்குறைய ஒரே நிறங்களைக் குழப்பிக்கொள்வதால், பேச்சுவாக்கில் கேட்டு வகையைக் கண்டுபிடிக்க முடியாது. ஆனால் ஒரு வேறுபாடு உண்டு. சிவப்பு உணர்வு பிறழ்ந்தவருக்குச் சிவப்பு நிறம் குழம்புவதோடு மங்கியும் தெரியும்; பச்சை உணர்வு பிறழ்ந்தவருக்குச் சிவப்பின் வெளிச்சம் குறைவதில்லை. ஆகவே கறுப்புப் பின்னணியில் தூய சிவப்பு எழுத்தில் ஒரு வரியையும், அதனருகே அதே வரியை மஞ்சளிலும் எழுதி மாமாவிடம் காட்டினேன். சிவப்பு வரி மங்கலாக இருக்கிறதா என்று கேட்டதற்கு, “மங்கலெல்லாம் இல்லை மாப்பிள்ளை, நல்லாத்தான் தெரியுது, நிறந்தான் என்னன்னு சொல்லத் தெரியல” என்றார். இது கண் மருத்துவரின் சோதனைக்கு ஈடாகாது. 1917இல் ஜப்பானிய மருத்துவர் ஷினோபு இஷிஹாரா வெளியிட்ட புள்ளித் தட்டுகள்தான் இன்றும் மருத்துவமனைகளில் முதல் சோதனை. எனினும், பட்டியலில் எந்த வகையை முதலில் முயல வேண்டும் என்று முடிவுசெய்ய இந்த ஒரு வரி போதும்.

இதே இடத்தில் என் கண்ணையும் சோதித்துக்கொண்டேன். பிறவியில் வரும் சிவப்பு-பச்சைக் குறை எக்ஸ் குரோமோசோம் வழியாக வருவது. மாமாவுக்கு அது இருக்கிறதென்றால் அவருக்கு அது பாட்டியிடமிருந்தே வந்திருக்கும். என் அம்மா அதைச் சுமப்பவராக இருந்தால் எனக்கும் வந்திருக்கலாம். தாய்மாமாவின் திரையில் நிறத்தைச் சரிசெய்ய உட்காரும் மருமகன், தான் பார்க்கும் நிறம் சரியா என்று முதலில் தெரிந்துகொள்வது நியாயமே. எனக்கு அந்தக் குறை இல்லை.

அமைப்பு இருக்கும் இடம்: `Settings > Accessibility > Colour and motion > Colour correction`. சாம்சங் கைப்பேசிகளில் அதே வசதி `Accessibility > Vision enhancements` என்பதன் கீழ் உள்ளது. உள்ளே சென்று `Use colour correction` என்பதை இயக்கியதும் நான்கு தெரிவுகள் வருகின்றன. அவற்றில் பச்சை உணர்வுக் குறைக்கானது `Deuteranomaly`, சிவப்பு உணர்வுக் குறைக்கானது `Protanomaly`, நீலம்-மஞ்சள் குழப்பத்துக்கானது `Tritanomaly`. நான்காவது, திரையைச் சாம்பல் நிறமாக்கும் `Greyscale`. மாமாவுக்கு முதலாவதைத் தேர்ந்தெடுத்தேன். விரிதாளைத் திறந்ததும் பணம் கட்டியோரின் வரிகளில் நீலச் சாயல் ஏறியிருந்தது. பாக்கியின் வரிகள் முன்போலவே காவியாக நின்றன. ஒப்பிட்டுப் பார்க்கச் சிவப்புக்கானதையும் முயன்றோம். அதில் வேறுபாடு குறைவாகத் தெரிகிறது என்றார். ஆகவே முதல் தெரிவையே நிலைநிறுத்தினோம்.

திரை செய்வது என்ன என்பதை மாமாவுக்கு விளக்க வேண்டியிருந்தது. ஏனென்றால் தமக்கு இனிப் பச்சை பச்சையாகவே தெரியும் என்று அவர் எண்ணிக்கொண்டார். அப்படி எதுவும் நடப்பதில்லை. ஒரு நிறத்தில் அவருடைய கண்ணுக்குப் பிடிபடாமல் போகும் பங்கு எவ்வளவு என்று மென்பொருள் கணக்கிட்டு, அந்தப் பங்கின் ஒரு பகுதியை அவர் நன்றாகக் காணும் நிறங்களின் பக்கம், முக்கியமாக நீலத்தின் பக்கம், தள்ளுகிறது. இழந்த நிறம் திரும்புவதில்லை. முன்பு ஒன்றாகத் தெரிந்த இரண்டு இப்போது இரண்டாகத் தெரிகின்றன, அவ்வளவே. அதற்கு விலையும் உண்டு. முன்பு தெளிவாகப் பிரிந்திருந்த சில நிறங்கள் இப்போது நெருங்கிவிடலாம். பயிர் இலையின் பச்சை எவ்வளவு வெளிறியிருக்கிறது என்று பார்த்து யூரியா அளவைச் சொல்வது போன்ற வேலைக்குத் திருத்திய திரையை நம்பக் கூடாது. அதில் தெரிவது இலையின் நிறமன்று. இதனால்தான், வசதியை நிலையாக இயக்கி மறந்துவிடாமல், மேலிருந்து இழுக்கும் விரைவு அமைப்புப் பட்டியில் அதற்கு ஒரு கட்டம் வைத்துக்கொடுத்தேன். கணக்குப் பார்க்கும்போது இயக்கி, இலைப் படம் பார்க்கும்போது அணைத்துவிடுகிறார். ஒலிக்கூட்டும் குறைக்கும் விசைகளை ஒருசேர அழுத்திப் பிடிக்கும் குறுக்குவழியும் உண்டு. நடுங்கும் கைக்கு அது பொருந்தாது என்று விட்டுவிட்டேன்.

சரியாக வேலைசெய்கிறதா என்று அறிய ஓர் எளிய அடையாளம் இருக்கிறது. இந்தக் கணக்கில் வெள்ளையும் சாம்பலும் மாறுவதில்லை. திருத்தத்தை இயக்கியபின் வெள்ளைத் தாளில் மஞ்சள் படிந்தால், அது திருத்தத்தின் வேலையன்று. வேறேதோ ஒன்று திரையின் நிறத்தில் கை வைக்கிறது. மாமாவின் கைப்பேசியில் அப்படித்தான் இருந்தது. பகலில் நன்றாகப் பிரிந்து தெரிந்த வரிகள், கடையை மூடும் வேளையில் மீண்டும் குழம்புவதாகச் சொன்னார். காரணம் `Night Light`. சூரியன் மறைந்ததும் தானே இயங்கும்படி அது அமைக்கப்பட்டிருந்தது. அது செய்வது நீலத்தைக் குறைப்பது. வண்ணத் திருத்தமோ வேறுபாட்டை ஏற்றி வைத்திருப்பதே நீலத்தில். ஒன்று ஏற்றியதை மற்றொன்று இறக்கிவிட்டது. சில தயாரிப்புகளில் இவ்விரண்டில் ஒன்றை இயக்கினால் மற்றது அணைந்துவிடும். இந்தக் கைப்பேசியில் இரண்டும் ஒன்றன்மேல் ஒன்றாக வேலைசெய்தன. நேர அட்டவணையை நீக்கியதும் மாலைக் குழப்பம் நின்றது. முதியோருக்குக் கண்புரையால் வில்லை மஞ்சளாகும்போதும் நீலம் இதே வழியில் குறைகிறது. திருத்தம் எந்த வகையிலும் பிடிபடவில்லை என்றால், அமைப்புகளில் மேலும் தேடாமல் கண் மருத்துவரிடம் அனுப்புவதே முறை.

இன்னொன்று: வெளியூரிலுள்ள மகனுக்குத் திரை எப்படித் தெரிகிறது என்று காட்ட மாமா திரைப்பிடிப்பு எடுத்து அனுப்பினார். அதில் எந்த மாற்றமும் இல்லை என்று அவர் மகன் சொல்ல, வசதி வேலைசெய்யவில்லையோ என்ற ஐயம் எழுந்தது. திருத்தம் படம் திரைக்குச் செல்லும் கடைசிக் கட்டத்தில் ஏறுவதால், திரைப்பிடிப்பில் பழைய நிறமே பதிகிறது. காட்ட வேண்டுமென்றால் வேறொரு கைப்பேசியால் திரையைப் படம் பிடித்துத்தான் அனுப்ப வேண்டும்.

இவ்வளவையும் செய்தபின் என் முடிவைச் சொல்கிறேன்: விரிதாளைப் பொறுத்தவரை, திருத்தத்தைவிட விரிதாளின் நிறத்தை மாற்றியதே அதிகம் உதவியது. கரும்பச்சையை நீலமாக்கி, பக்கத்தில் ‘பாக்கி’ என்று எழுதும் ஒரு பத்தியையும் சேர்த்தேன். அதன்பின் கணக்குக்குத் திருத்தமே தேவைப்படவில்லை. நம் கையில் மாற்றும் உரிமை உள்ள எதையும் மூலத்தில் மாற்றிவிட்டு, பேருந்து இருக்கை வரைபடம்போல் பிறர் செய்த, நம்மால் தொட முடியாத திரைகளுக்கு மட்டும் திருத்தத்தை வைத்துக்கொள்வது நல்லது. பெண்களுக்கான இருக்கைக்கு இளஞ்சிவப்பு, நிரம்பியதற்குச் சாம்பல், காலியானதற்கு வெளிர்பச்சை என்று ஒரு வரைபடம் இருந்தால், பச்சை உணர்வு பிறழ்ந்த கண்ணுக்கு அம்மூன்றும் ஒன்றாகவே தெரிய வாய்ப்பு அதிகம். அங்கேதான் இந்த வசதி தன் கூலியைச் சம்பாதிக்கிறது.

அடுத்தது கை. தொடுதல் தவறாகப் புரிந்துகொள்ளப்படுவதற்கு இரண்டு வேறு காரணங்கள் உண்டு. தாமதத்தைக் கூட்டுவது அவற்றில் ஒன்றுக்கு மட்டுமே மருந்து. விரல் ஓரிடத்தில் வழக்கத்தைவிட நீண்ட நேரம் இருந்தால், கைப்பேசி அதைத் தொட்டுப் பிடித்தலாக எடுத்துக்கொள்கிறது. விரல் அந்த இடத்திலேயே சற்று நகர்ந்தால், அதைத் தொடுதலாக எண்ணாமல் இழுத்தலாக, அதாவது திரையை உருட்டுவதாக எடுத்துக்கொள்கிறது. ஆண்ட்ராய்டில் அந்த நகர்வின் வரம்பு இயல்பாக 8 டிபி. ஒரு டிபி என்பது அங்குலத்தில் 160இல் ஒரு பங்கு என்பதால், வரம்பு ஏறத்தாழ 1.3 மில்லிமீட்டர் ஆகிறது. நடுங்கும் விரலுக்கு இது மிகக் குறுகிய இடம்.

எது நடக்கிறது என்று ஊகிக்க வேண்டியதில்லை, பார்க்கலாம். `About phone` பக்கத்தில் `Build number` என்பதை ஏழு முறை தட்டினால் `Developer options` திறக்கும். அதில் `Pointer location` என்பதை இயக்கினால், விரல் சென்ற தடம் திரையில் கோடாக வரையப்படும். விரலை எடுத்ததும் அது எவ்வளவு நகர்ந்தது என்பதை மேலுள்ள பட்டை `dX`, `dY` என்று படப்புள்ளிகளில் காட்டும். நகர்வு வரம்பைத் தாண்டினால் அந்த எண்ணின் பின்னணி சிவப்பாகும். மாமாவுக்கு அந்தச் சிவப்பு பயன்படாது என்பதால் எண்ணை நானே படித்தேன். அவருடைய கைப்பேசியின் திரை அடர்த்தி 420 என்பதால் வரம்பு 21 படப்புள்ளிகள். கைப்பேசியை ஒரு கையில் ஏந்திக்கொண்டு மறு கையால் தொட்டபோது கோடு கிறுக்கலாக ஓடி எண் அடிக்கடி 21ஐத் தாண்டியது. கல்லாப்பெட்டி மேசைமேல் கைப்பேசியை வைத்து, மணிக்கட்டை மேசையில் ஊன்றிக்கொண்டு தொட்டபோது கோடு ஒரு புள்ளியாகச் சுருங்கியது. ஆனாலும் பட்டியல் வந்து நின்றது. ஆகவே மேசைமேல் இருக்கும்போது அவருடைய சிக்கல் நகர்வு அன்று, நேரம்.

அந்த நேரம் எவ்வளவு என்று அறிய, கைப்பேசியில் `USB debugging` இயக்கி, கணினியில் இணைத்து இந்தக் கட்டளையைக் கொடுத்தேன்:

```
adb shell getevent -lt
```

தொடுதல் தொடங்கும்போது `BTN_TOUCH DOWN` என்ற வரியும், முடியும்போது `BTN_TOUCH UP` என்ற வரியும் வருகின்றன. ஒவ்வொன்றின் முன்னும் விநாடிக் கணக்கில் நேரம் இருக்கும். இரண்டையும் கழித்தால் விரல் திரையில் இருந்த நேரம் கிடைக்கும். மாமாவின் சாதாரணத் தொடுதல்கள் பெரும்பாலும் அரை விநாடிக்கும் 0.8 விநாடிக்கும் இடையில் இருந்தன. கைப்பேசியின் இயல்பான வரம்போ 400 மில்லி விநாடி. அவர் தொட்டதெல்லாம் தொட்டுப் பிடித்தலாக ஆனதில் வியப்பில்லை.

இதை மாற்றும் இடம் `Settings > Accessibility > Timing controls > Touch & hold delay`. அதில் `Short`, `Medium`, `Long` என்ற மூன்றும் உள்ளன. அவை முறையே 400, 1000, 1500 மில்லி விநாடிகள். சாம்சங்கில் இது `Interaction and dexterity` என்பதன் கீழ் இருக்கிறது. அங்கே நாமே நேரத்தை வகுத்துக்கொள்ளவும் வழியுண்டு. நடுக்கம் என்றதும் `Long` தேர்ந்தெடுக்கத் தோன்றும். அது சரியன்று என்பது என் கருத்து. வரம்பைக் கூட்டும்போது, வேண்டுமென்றே தொட்டுப் பிடிக்க வேண்டிய வேலைகளும் கடினமாகின்றன: ஒரு செய்தியை அழிக்கவோ எண்ணை நகலெடுக்கவோ, நடுங்கும் விரலை 1.3 மில்லிமீட்டருக்குள் ஒன்றரை விநாடி நிறுத்த வேண்டும். இடையில் நகர்ந்தால் கணக்கு கலைந்துவிடும். மாமாவின் நேரங்களில் மிக நீண்டது 0.8 விநாடியை ஒட்டி இருந்ததால், `Medium` அவருக்குப் போதுமான இடைவெளி தந்தது. இடையில் ஓர் எண் வேண்டுவோர் அதைக் கட்டளையால் இடலாம். முதலில் இருப்பதைப் படித்துக் குறித்துக்கொண்டு மாற்றுவது நல்லது:

```
adb shell settings get secure long_press_timeout
adb shell settings put secure long_press_timeout 900
```

சில தயாரிப்புகள் இரண்டாவது கட்டளையை ஏற்க `Developer options` பக்கத்தில் கூடுதலாக ஓர் அனுமதி கேட்கும். அனுமதி இல்லையென்று பிழைச்செய்தி வந்தால் அங்கே தேட வேண்டும்.

`Medium` வைத்தபின் விரிதாளும் வாட்ஸ்அப்பும் சொன்னபடி கேட்டன. விசைப்பலகை மட்டும் கேட்கவில்லை. மாமா ஆங்கில எழுத்துகளைத் தட்டித் தமிழாக்கும் முறையில் எழுதுபவர். ‘உரம்’ என்று எழுத u விசையைத் தொட்டால், விரல் சற்று நின்றதும் அதன் மாற்றெழுத்தான 7 விழுந்தது. அடுத்து r இருக்க வேண்டிய இடத்தில் 4. வாடிக்கையாளருக்கு ‘74am வந்துவிட்டது’ என்று செய்தி போயிருக்கிறது. ஜிபோர்டு இந்த விஷயத்தில் கணினியமைப்பின் தாமதத்தைப் பார்ப்பதில்லை. தனக்கென்று ஒன்று வைத்திருக்கிறது. அதன் அமைப்புகளில் `Preferences` பக்கத்தில் `Key long press delay` என்ற நழுவுகோல் இருக்கிறது. இயல்பாக அது 300 மில்லி விநாடியில் நிற்கும். அதை வலது கோடிக்கு நகர்த்தினேன். பெரும்பாலான விசைகள் சரியாயின. கை மிகவும் நடுங்கும் நாட்களில் எண்கள் இன்னும் எப்போதாவது விழுகின்றன. அப்போது அவர் குரல்வழித் தட்டச்சுக்கு மாறிவிடுகிறார். தனக்கென்று நேரம் வைத்திருக்கும் வேறு செயலிகளிலும் இப்படியே நடக்கும். ஆகவே ஒரு செயலியில் மட்டும் பழைய தொல்லை தொடர்ந்தால், அந்தச் செயலியின் சொந்த அமைப்புகளைத்தான் பார்க்க வேண்டும்.

கைப்பேசியை ஏந்திக்கொண்டு தொடும்போது வரும் இழுத்தல் சிக்கலுக்கு ஆண்ட்ராய்டின் இந்தப் பக்கத்தில் தீர்வு கிடைக்கவில்லை. அந்த 8 டிபி வரம்பை மாற்ற அமைப்பு எதுவும் தரப்படவில்லை. ஐபோனில் `Touch Accommodations` என்ற பகுதி இருக்கிறது. அதில், விரல் எவ்வளவு நகர்ந்தாலும் முதலில் பட்ட இடத்தையோ கடைசியாக எடுத்த இடத்தையோ தொடுதலாகக் கொள்ளும்படி சொல்லலாம். நகர்வே முதன்மைத் தொல்லையாக இருப்பவருக்குப் புதுக் கைப்பேசி வாங்கும் எண்ணம் இருந்தால் இதைக் கணக்கில் கொள்ளலாம். மாமாவுக்கு அந்த அளவு தேவைப்படவில்லை. `Display size` என்பதை ஒரு படி கூட்டி, விளிம்பிலிருந்து இழுக்கும் சைகைகளை நீக்கி, கீழே மூன்று பொத்தான்கள் இருக்கும் பழைய முறைக்கு மாற்றினேன். கல்லாப்பெட்டி அருகே சாய்வான தாங்கி ஒன்றும் வந்தது. அவருடைய நடுக்கம் கையை அந்தரத்தில் நிறுத்தும்போது மிகுவது. முழங்கையோ மணிக்கட்டோ ஊன்றியிருந்தால் அடங்குகிறது. தாங்கிக்கு ஆன செலவு, அமைப்புகளில் செய்த எந்த மாற்றத்துக்கும் குறையாத பலன் தந்தது.

வேலை முடிந்ததும் `Pointer location`, `USB debugging` இரண்டையும் அணைத்து, `Developer options` பக்கத்தையே மூடினேன். சில வங்கிச் செயலிகள் அது திறந்திருந்தால் இயங்க மறுக்கும். தாமதத்துக்கு இட்ட எண் அதன்பிறகும் அப்படியே நிற்கிறது.

பூச்சிமருந்துப் புட்டிகளின் நச்சுக் குறியீட்டையும் கேமரா வழியே பார்த்துக்கொள்ளலாமா என்று மாமா கேட்டார். இந்தியாவில் விற்கும் பூச்சிமருந்துகளின் சீட்டில் சாய்சதுரத்தின் கீழ்ப்பாதி சிவப்பு, மஞ்சள், நீலம், பச்சை என்று நஞ்சின் கடுமையைக் காட்டும். சிவப்பு மிகக் கொடியது, பச்சை மிகக் குறைவு. கேமராவின் முன்காட்சியும் திரை வழியே வருவதால் அதிலும் திருத்தம் ஏறுகிறது; சிவப்பும் பச்சையும் அதில் பிரிந்து தெரியவும் செய்தன. ஆனாலும் வேண்டாம் என்றேன். கடையின் குழல்விளக்கு வெளிச்சத்தில் கேமரா தன் விருப்பப்படி நிறத்தைச் சரிசெய்கிறது. பழைய சீட்டுகள் வெளுத்திருக்கின்றன. இரண்டு திருத்தங்கள் கூடி எங்கே கொண்டுபோய் விடும் என்று உறுதி சொல்ல முடியாது. சாய்சதுரத்தின் மேல்பாதியில் நிறத்தைச் சாராத அடையாளம் இருக்கிறது: சிவப்புக்கு மண்டையோட்டுக் குறியும் `POISON` என்ற சொல்லும், மஞ்சளுக்குச் சொல் மட்டும், நீலத்துக்கு `DANGER`, பச்சைக்கு `CAUTION`. அதைப் படித்தே அலமாரியில் அடுக்கும்படி கடைப்பையனிடமும் சொல்லியிருக்கிறோம்.